நாலு பேர் பார்க்கும்போது கையெழுத்து போட முடியல: நடுக்கம், வியர்வை ரெண்டுக்கும் ஒரே மாத்திரை போதுமா?

கிறுக்கல் | மார்ச் 4, இரவு 10:52

வீட்ல தனியா உட்கார்ந்தா ஐம்பது கையெழுத்து அச்சுல வார்த்த மாதிரி போடுவேன். இன்னைக்கு வங்கிக் கவுண்டர்ல ஒண்ணே ஒண்ணு போட முடியல.

முதல் கையெழுத்தைப் பார்த்துட்டு கவுண்டர்ல இருந்தவர், "இது எங்ககிட்ட இருக்குற மாதிரியோட ஒத்துப்போகலையே, இன்னொண்ணு போடுங்க"ன்னார். ரெண்டாவது இன்னும் மோசம். மூணாவது போடும்போது பேனா முனை காகிதத்துல தட்டுற சத்தம் எனக்கே கேட்டுது. உள்ளங்கை நனைஞ்சு படிவம் கையோட ஒட்டிக்கிச்சு. எடுத்தா கூடவே வருது. பெயரோட கடைசி எழுத்து மேல கை பட்டு நீலமா இழுவிடுச்சு. பின்னாடி நின்னவர் பெருமூச்சு விட்டார். எனக்காக விட்டாரா, அவர் கவலைக்கு விட்டாரான்னு தெரியல. நான் எனக்காகத்தான்னு எடுத்துக்கிட்டேன். நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

வயசு 34. எனக்கு நரம்புத் தளர்ச்சின்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆபீஸ்ல ஒருத்தர் பிரோப்ரனலால்னு ஒரு மாத்திரை பேர் சொன்னார். ஒண்ணு போட்டா கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் ஒரே அடியில நிக்குமாம். உண்மையா?

மேடைப்பூனை | மார்ச் 4, இரவு 11:30

உண்மைதான் தலைவா. நான் வயலின்காரன். வில் பிடிக்கிற கை நடுங்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு. உனக்குக் காகிதத்துல கோணல், எனக்கு அரங்கம் முழுக்கக் கேக்கும். பத்து வருஷமா கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி 10 மில்லிகிராம். கை கல்லு மாதிரி நிக்கும். வியர்வையும் நின்னுடும். தூக்கம் வராது, மயக்கம் இல்ல. வாங்கிப் போட்டுட்டு நாளைக்கே போ.

மாத்திரைப்பெட்டி | மார்ச் 5, காலை 7:15

பூனை, பாதி சரி, பாதி தப்பு, ஒரு வரி ஆபத்து. மருந்தாளுநர் வேலையில் 22 வருஷம் ஆகிறது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

சரியான பாதி: பதற்றத்தில் அட்ரினலின் ரத்தத்தில் ஏறும். அது தசையில் போய் ஒட்டுகிற இடத்தை இந்த மாத்திரை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. அதனால் நடுக்கமும் நெஞ்சுத் துடிப்பும் குறையும். நடுக்கம் எல்லாருக்கும் எப்போதும் உண்டு, நொடிக்குச் சுமார் பத்து முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில். பதற்றம் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. தளர்ச்சி என்று பெயர் வைக்க இதில் ஒன்றும் இல்லை.

தப்பான பாதி: வியர்வை. வியர்வைச் சுரப்பிக்குப் போகிற நரம்பும் பதற்றத்தில்தான் விழிக்கிறது, ஆனால் அதன் முனையில் கொட்டுவது வேறு சரக்கு, அசிடைல்கோலின். பிரோப்ரனலால் அடைக்கும் கதவு அதற்குப் பொருந்தாது. இதற்கு என் கவுண்டரிலேயே சாட்சி உண்டு. இன்சுலின் போடுகிறவர் இந்த மாத்திரையும் எடுத்தால் நாங்கள் தவறாமல் ஒன்று சொல்லி அனுப்புவோம்: "சர்க்கரை இறங்கினால் இனி உங்களுக்குக் கை நடுங்காமலும் போகலாம், நெஞ்சு படபடக்காமலும் போகலாம். வியர்வையைக் கவனியுங்கள்." நடுக்கத்தை மறைக்கிற மாத்திரை வியர்வையை மறைப்பதில்லை. பூனைக்கு வியர்வை நின்றதென்றால், கை நிற்கும் என்ற நம்பிக்கையில் பயம் குறைந்து நின்றிருக்கும்.

ஆபத்தான வரி: "வாங்கிப் போட்டுட்டு போ." ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர், ரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர் மயங்கி விழலாம். மருத்துவர் பார்த்து எழுதித் தரவேண்டிய மருந்து. முதல் மாத்திரையை முக்கியமான நாளில் போடவும் கூடாது, வேலையில்லாத ஒரு நாளில் வீட்டிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

கிறுக்கல், உங்களுக்கு ஆஸ்துமா உண்டா?

கிறுக்கல் | மார்ச் 5, காலை 7:48

ஐயோ.

உண்டு. சின்ன வயசுலேர்ந்து. நீல இன்ஹேலர் பாக்கெட்லயே இருக்கும்.

மாத்திரைப்பெட்டி | மார்ச் 5, காலை 8:02

அப்படியானால் அந்த மாத்திரை உங்களுக்கில்லை. பேச்சை அத்தோடு முடிப்போம்.

நேற்று வங்கிக்குப் போவதற்கு முன் இன்ஹேலர் அடித்தீர்களா?

கிறுக்கல் | மார்ச் 5, காலை 8:20

ரெண்டு அடி. வாசல்லயே. இளைப்பு இல்ல, மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு, எதுக்கும் இருக்கட்டும்னு அடிச்சேன். இப்ப யோசிச்சா எந்தப் படபடப்பான இடத்துக்குப் போனாலும் முன்னாடி ரெண்டு அடி அடிக்கிறது பழக்கமாவே ஆயிடுச்சு. காலையிலேர்ந்து ரெண்டு பெரிய கப் காபியும் ஆச்சு. ஏன் கேக்குறீங்க?

மாத்திரைப்பெட்டி | மார்ச் 5, காலை 8:41

ஏனென்றால் அந்த இன்ஹேலரில் இருக்கும் சால்புடமால், அட்ரினலின் ஒட்டுகிற அதே இடங்களில்தான் ஒட்டுகிறது. மூச்சுக்குழாயில் ஒட்டினால் குழாய் விரியும், அதற்காகத்தான் அடிக்கிறோம். கைத்தசையில் ஒட்டினால் விரல் நடுங்கும். இது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. வேலை செய்யும் நேரம் நாலிலிருந்து ஆறு மணி. நீங்கள் அடித்தது வாசலில், கையெழுத்துப் போட்டது கால் மணி நேரத்தில். மூச்சுமுட்டலுக்கு மருந்து என்று நினைத்து நடுக்கத்தையே மூச்சில் இழுத்திருக்கிறீர்கள். காபி அதன் மேல் இன்னொரு அடுக்கு. காபியின் வீரியம் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

இதைப் படித்துவிட்டு இன்ஹேலரைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இளைப்பு வந்தால் அடிக்கத்தான் வேண்டும், கை எவ்வளவு நடுங்கினாலும். பயத்தில் வரும் மூச்சுமுட்டலுக்கும் ஆஸ்துமா இளைப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் ஒரு சின்னக் குழாய் உண்டு. ஆஸ்துமாவில் அதன் அளவு இறங்கும். வெறும் பயத்தில் பெரும்பாலும் வழக்கமான அளவிலேயே நிற்கும். அதை வைத்து என்ன செய்வதென்று அவர் சொல்வார்.

மேடைப்பூனை | மார்ச் 5, காலை 9:10

சரி அக்கா, அந்த ஒரு வரிய வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான், அவர் ஈசிஜி பார்த்துட்டுத்தான் கொடுத்தார். பத்து வருஷத்துல அது மறந்தே போச்சு.

ஆனா வியர்வை நின்னது நிஜம். சட்டை சாட்சி.

மூன்றாம்வரிசை | மார்ச் 5, மதியம் 1:25

வணக்கம். என் அப்பாவுக்கு 68 வயது. டிவி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ உருட்டுவது போல ஆடுகின்றன. டம்ளரை எடுக்கப் போனால் நின்றுவிடுகிறது. அவரிடம் பதற்றப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். மேலே சொன்ன மாத்திரை அவருக்குச் சரிப்படுமா?

பேனாப்பிடி | மார்ச் 5, மதியம் 2:40

மூன்றாம்வரிசை, நீங்கள் கேட்பது வேறு விஷயம். இந்த இழையில் பேசுவது கை ஒரு வேலையைச் செய்யும்போது வரும் நடுக்கம். உங்கள் அப்பாவுக்குக் கை ஓய்வில் இருக்கும்போது வருகிறது, வேலை கொடுத்தால் அடங்குகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். பதற்றப்படாதே என்று சொல்லித் தீராது. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் கை ஆடுவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் நல்லது, மருத்துவர் அறையில் சில சமயம் ஆடாமல் ஏமாற்றும்.

கிறுக்கல், உங்கள் விஷயத்துக்கு இரவு வருகிறேன். கையால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். பேனாவை முழு பலத்தோடு இறுக்கிப் பிடித்து, முனையைக் காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நிறுத்தி, முப்பது நொடி பாருங்கள். பிறகு பேனா நழுவுமோ என்கிற அளவுக்குத் தளர்த்திப் பிடித்து இன்னொரு முப்பது நொடி.

கிறுக்கல் | மார்ச் 5, மாலை 6:30

செஞ்சேன். இறுக்கிப் பிடிச்சா பத்து நொடியிலேயே முனை ஆட ஆரம்பிச்சுடுது, வீட்ல, யாருமே பார்க்காம! தளர்த்திப் பிடிச்சா ஆட்டம் இருக்கு, ஆனா தேடித்தான் பார்க்கணும்.

அப்ப கவுண்டர்ல நான் பண்ணது என்ன? நடுங்குறது தெரியக் கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சேன். பேனா வழுக்குச்சு, இன்னும் இறுக்கினேன்.

பேனாப்பிடி | மார்ச் 5, இரவு 9:55

அதேதான். நடுக்கமும் வியர்வையும் தனித்தனி நரம்பில் வந்தாலும் பேனாவில் வந்து சந்திக்கின்றன. வியர்வையில் பேனா வழுக்குகிறது, வழுக்குவதால் இறுக்குகிறீர்கள், இறுக்குவதால் நடுக்கம் பெரிதாகிறது, அதைப் பார்த்து இன்னும் வியர்க்கிறது. இந்த வளையத்தை வெட்ட எளிதான இடம் இறுக்கம். மற்ற இரண்டும் உங்கள் சொல்பேச்சு கேட்காது, பிடி கேட்கும்.

நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். முன்னங்கை முழுவதும், முழங்கைக்குச் சற்று முன் வரை, மேசைமேல் கிடக்க வேண்டும். உயரமான கவுண்டரில் நின்றுகொண்டு போட்டால் கை அந்தரத்தில் தொங்கும், தோளிலிருந்து விரல் வரை எல்லா ஆட்டமும் சேர்ந்து முனைக்கு வரும். அதனால் உட்கார்ந்து போட இடம் கேளுங்கள். இடம் இல்லையென்றால் இடது உள்ளங்கையை மேசையில் ஊன்றி, வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பருமனான பேனா, ரப்பர் பிடி உள்ளது, உங்களுடையதே. ஜெல் பேனா வேண்டாம், ஈரக் கையில் இழுவும். பால்பாயிண்ட் சீக்கிரம் காயும்.

எழுதும் கைக்கு அடியில் ஒரு வெற்றுக் காகிதம். படிவம் கையில் ஒட்டாது, மை இழுவாது. நாலாக மடித்த காகிதம் பையில் இருந்தால் போதும்.

முனையை வைப்பதற்கு முன் மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், உள்ளே இழுத்ததைவிட நீளமாக. விட்டுக்கொண்டே எழுத ஆரம்பியுங்கள். பெரும்பாலானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போடுகிறார்கள். அப்போது தோள் தூக்கிக்கொள்கிறது, கை மேசையிலிருந்து எழும்பிவிடுகிறது. மெதுவாக வரைவதும் கூடாது. கையெழுத்து ஒரு வீச்சு. மெதுவாக வரைந்தால் ஒவ்வொரு நடுக்கமும் கோட்டில் பதியும், வேகமாகப் போனால் கோடு அதைத் தாண்டிப் போய்விடும்.

கிறுக்கல் | மார்ச் 6, அதிகாலை 12:20

தூக்கம் வரல, அதனால ஒரு திருத்தம். வீட்ல ஐம்பது கையெழுத்து அச்சு மாதிரி போடுவேன்னு சொன்னேன்ல, பொய். தம்பிய எதிர்ல உட்காரவச்சு, "என் கையையே பாரு, ஒண்ணும் பேசாத"ன்னு சொல்லிப் போட்டேன். ஆறாவதுலேர்ந்து கோணல். அவன் சிரிப்பை அடக்கினது வேற.

அதையே போன்ல வீடியோ எடுத்தோம். பார்க்கிறதுக்கு முன்னாடி நடுக்கம் பத்துக்கு எவ்வளவு தெரியும்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி வச்சேன்: 9. வீடியோ பார்த்ததும் எனக்கே 4க்கு மேல போட மனசு வரல. தம்பி 3ன்னான். கைக்குள்ள நான் உணர்ற ஆட்டமும் வெளிய தெரியற ஆட்டமும் ஒண்ணு இல்ல.

வியர்வை மட்டும் வீடியோவுலயும் நல்லாவே தெரிஞ்சுது. மேசையில என் கை வடிவத்துல ஒரு ஈரம்.

நனைந்தகைக்குட்டை | மார்ச் 6, காலை 10:05

என் ஏரியா வந்துடுச்சு! நடுக்கம் எனக்குக் கிடையாது, வியர்வை மட்டும், பதினாலு வயசுலேர்ந்து. கைரேகை வைக்கிற கருவி என்னை மனுஷனாவே ஒத்துக்காது. "விரலைத் துடைச்சுட்டு வைங்க." துடைச்சு வைப்பேன். "மறுபடி துடைங்க." துடைச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஊற்று கிளம்பிடும். கடைசியில ஊதி ஊதி வைப்பேன், ஏதோ சூடான சட்டியைத் தொட்ட மாதிரி.

கைகுலுக்கலுக்கு ஒரு தந்திரம் சொல்றேன். குளிர்ந்த பானத்தை வலது கையில பிடிச்சுக்கிட்டு நில்லு. யார் கை கொடுத்தாலும், "சாரி, கிளாஸ் ஈரம்"னு சொல்லிடலாம். கல்யாண வரவேற்பு, ஆபீஸ் கூட்டம் எல்லாத்துலயும் இதை வச்சுத்தான் பிழைச்சேன். ஒரு தடவை கிளாஸ் காலியாகிக் காஞ்சே போச்சு, அப்பவும் அதையே சொன்னேன்.

பாக்கெட்டுக்குள்ள கையை வைக்காத. உள்ளே சூடு, வெளிய எடுத்தா இன்னும் ஈரம். திறந்த கையா விடு. துடைக்கும்போது தேய்க்காம ஒத்தி எடு.

களிம்பு விஷயம். அலுமினியம் குளோரைடு 20 சதவீதக் கரைசல் கிடைக்கும். வியர்வைக் குழாய் வாயை அடைச்சுடும். முதல் நாள் குளிச்சுட்டு அப்படியே தடவினேன். எரிச்சல்னா எரிச்சல், விரலிடுக்கெல்லாம் சிவந்து போச்சு. யாரும் வாங்காதீங்க.

மாத்திரைப்பெட்டி | மார்ச் 6, மதியம் 12:12

கைக்குட்டை, களிம்பு தப்பில்லை, தடவிய நேரம் தப்பு. அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம் உண்டாகும், அதுதான் எரிந்தது. இரவு படுக்கப் போகும்போது, கை முழுக்கக் காய்ந்த பிறகு தடவ வேண்டும். வேண்டுமானால் குளிர்ந்த காற்றில் காயவைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் உள்ளங்கை வியர்ப்பது அடங்கிவிடும், அப்போதுதான் மருந்து குழாய்க்குள் இறங்க நேரம் கிடைக்கும். காலையில் கழுவிவிட வேண்டும். பலன் தெரியும்வரை தினமும் இரவு, பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. சவரம் செய்த தோலில், வெடிப்பில் தடவக் கூடாது. வங்கி வாசலில் தடவினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அக்குளில் கேட்கிற அளவுக்கு உள்ளங்கையில் கேட்காது. கைத்தோல் தடிமன். கைக்கு நன்றாக வேலை செய்வது சாதாரணத் தண்ணீரில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறை. தடவைக்கு இருபது முப்பது நிமிடம், ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று முறை, பிறகு இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். விட்டால் திரும்பி வரும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் செய்யக் கூடாது. தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வியர்வையை உள்ளிருந்தே அடைக்கும் மாத்திரையும் உண்டு. அது வாயையும் சேர்த்து உலர்த்திவிடும். மேடையில் பேசப் போகிறவர் அதை விழுங்கினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வேலை செய்கிறவருக்கு உடம்பு சூடேறும் ஆபத்தும் உண்டு.

இன்னொன்று, எல்லாருக்கும். நடுக்கமும் வியர்வையும் பதற்றம் இல்லாத நேரத்திலும் இருந்து, எடை குறைந்து, சும்மா இருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடித்தால் முதலில் தைராய்டு ரத்தப் பரிசோதனை. இரவில் துணி நனைகிற அளவு வியர்த்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உள்ளங்கை வியர்வைக்காரர்கள் தூக்கத்தில் காய்ந்துதான் கிடப்பார்கள்.

நனைந்தகைக்குட்டை | மார்ச் 6, மதியம் 12:31

இருபது வருஷமா இதோட வாழறேன், தூங்கும்போது கை காஞ்சிருக்கும்னு இப்பத்தான் தெரியும். இன்னைக்கு ராத்திரி மனைவியை எழுப்பித் தொட்டுப் பார்க்கச் சொல்லணும். எழுப்பினா நானும் முழிச்சுடுவேனே.

கிறுக்கல் | மார்ச் 12, மாலை 5:40

போயிட்டு வந்தேன்.

தைராய்டு பார்த்தாச்சு, சரியா இருக்கு. டாக்டர் ஊதிப் பார்க்கிற குழாயைக் கொடுத்து, இளைப்பில்லாம மூச்சுமுட்டும்போது என்ன அளவு வருதுன்னு எழுதி வைக்கச் சொன்னார். இன்னைக்குக் காலையில கிளம்புறதுக்கு முன்னாடி முட்டுச்சு. ஊதினேன், வழக்கமான அளவு. இன்ஹேலரை பாக்கெட்ல வச்சேன், அடிக்கல. காபி இல்ல. தலை கொஞ்சம் வலிச்சுது, அதுக்குக் காரணம் காபி இல்லாததா பயமா தெரியல.

கவுண்டர்ல போனதும் முதல் வேலையா, "கை கொஞ்சம் நடுங்கும், உட்கார்ந்து போடலாமா?"ன்னு கேட்டேன். ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்த்த வரி. அவர் தலைகூட நிமிரல, பேனாவாலேயே ஓரத்து மேசையைக் காட்டினார். அவ்வளவுதான். ஒத்திகை எல்லாம் வீண்.

முன்னங்கை மேசையில. அடியில காகிதம். தளர்ந்த பிடி. மூச்சை விட்டுக்கிட்டே போட்டேன். நடுங்குச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன், முதல் எழுத்தோட வளைவுல ரம்பம் மாதிரி பல் பல்லா தெரியுது. ஆனா முழுசா வந்துச்சு, இழுவல.

அதுவும் ஒத்துப்போகலன்னுட்டார்!

பதினேழு வயசுல போட்ட கையெழுத்து அவங்ககிட்ட இருக்கு. ஆறு சுழி, ஒரு வால், வாலுக்குக் கீழே ரெண்டு புள்ளி. நடுங்காத நாள்லயே எனக்கு அது வராது. அவரே, "அடையாள அட்டை இருக்கா? மாதிரிக் கையெழுத்தை மாத்திக்கோங்க, அதுக்குன்னு ஒரு படிவம் இருக்கு"ன்னார். இத்தனை வருஷம் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம சுழி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

அங்கேயே புதுசு ஒண்ணு பதிஞ்சுட்டேன். பெயரோட முதல் எழுத்து, ஒரு கோடு. நடுங்கின கையாலேயே மூணு தடவை போட்டேன், மூணும் ஒரே மாதிரி இருந்துச்சு.

மேடைப்பூனை | மார்ச் 12, மாலை 6:15

ஒரு எழுத்து, ஒரு கோடு. அதை நானே போட்டுடுவேன் தலைவா. திருடனுக்குச் சிரமமே வைக்கலையே.

பேனாப்பிடி | மார்ச் 12, இரவு 8:30

பூனை சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பயிற்சி கொடுப்பவர்களிடம் சுழியைக் குறைக்கச் சொல்வேன், முழுக்க வெட்டச் சொல்ல மாட்டேன். கை எடுக்காமல் ஒரே வீச்சில் முடிகிற பெயர், நடுவில் நிறுத்தங்கள் இல்லாமல். நிறுத்தி மறுபடி முனையை வைக்கும் இடங்களில்தான் நடுக்கம் அதிகம் பதியும். அந்த ரெண்டு புள்ளி உங்களைப் படுத்தியிருக்கும்.

ஆனால் இன்னொரு கவலை. "கை நடுங்கும்" என்று முன்கூட்டிச் சொல்வது, உட்கார இடம் கேட்பது, காகிதம், சொந்தப் பேனா இவையெல்லாம் ஊன்றுகோல்கள். இன்றைக்குத் தேவை. ஆறு மாதம் கழித்தும் காகிதம் எடுத்துவர மறந்த நாளில் வங்கிக்குள் நுழைய மாட்டேன் என்று நின்றால், பயம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். முதலில் சொந்தப் பேனாவை.

மேடைப்பூனை | மார்ச் 12, இரவு 9:02

இதுல நான் ஒத்துக்க மாட்டேன் பேனாப்பிடி. பத்து வருஷமா என் ஊன்றுகோல் பாக்கெட்ல இருக்கு, எனக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்ல. கண்ணாடி போடுறவனை ஒருநாள் கழட்டிட்டு நடன்னு சொல்வீங்களா?

பேனாப்பிடி | மார்ச் 12, இரவு 9:20

கண்ணாடி போடாவிட்டால் கண் தெரியாது. மாத்திரை போடாவிட்டால் உங்களால் வாசிக்க முடியாது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியாக எப்போது போடாமல் வாசித்தீர்கள்?

மேடைப்பூனை | மார்ச் 12, இரவு 9:21

கேள்வி பிடிக்கல.

மூன்றாம்வரிசை | மார்ச் 15, காலை 11:00

அப்பாவை அழைத்துப் போனோம். வீடியோ மிகவும் உதவியது, அறைக்குள் கை ஆடவே இல்லை. மருந்து தொடங்கியிருக்கிறார்கள். பதற்றப்படாதே என்று இனி சொல்வதில்லை. நன்றி.

கிறுக்கல் | மார்ச் 29, இரவு 10:10

மூணு கையெழுத்து இந்த வாரம். கூரியர்காரர் நீட்டின போன் திரையில விரலால போட்டது, அதைக் கையெழுத்துன்னு சொல்லலாமான்னு தெரியல, ஈர விரல் வழுக்கி ஒரு கோடு மட்டும் விழுந்துச்சு. அவர் போதும்னுட்டார். ஆபீஸ்ல ஒண்ணு, நின்னுக்கிட்டே, அங்க கிடந்த பேனாவால. சரியா வந்துச்சு.

மூணாவது, அக்கா பொண்ணு கல்யாணப் பதிவுல சாட்சியா. ஆள் கூட்டம், போட்டோ எடுக்கிறவர் கையையே குறிபார்த்து நிக்கிறார். பழையபடி இறுக்கிட்டேன், அது தெரிஞ்சதும் தளர்த்தினேன், பாதி எழுத்து தாண்டியிருந்துச்சு. வியர்வை பொட்டு ஒண்ணு தேதி மேல விழுந்துச்சு. அந்தப் போட்டோவை நேத்து அனுப்பினாங்க. எல்லாரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க, நான் மட்டும் என் கையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

களிம்பு பதினைஞ்சு ராத்திரி ஆச்சு. அக்குள் காஞ்சுடுச்சு. உள்ளங்கை அப்படியேதான் இருக்கு. மின்சாரத் தண்ணி செஞ்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா? கை கூசுமா, வலிக்குமா?

நனைந்தகைக்குட்டை | மார்ச் 29, இரவு 10:44

நாளைக்கு எனக்கு முதல் தடவை. போயிட்டு வந்து சொல்றேன். தட்டச்ச முடிஞ்சா.